பயன் சொல்பவரின் ஆயத்தம்

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே புராண படனம் என்றொரு வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. மண்டபத்திலே பாய் விரித்து இருவர் அமர்வர். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் அச்செய்யுளைப் பதம் பிரித்து, பொருள் விரித்து, கூடியிருப்போர்க்கு விளங்கும் வசனத்திலே எடுத்துரைப்பார். இவ்வாறு எடுத்துரைப்பதற்குப் ‘பயன் சொல்லுதல்’ என்று பெயர். ‘பொருள் சொல்லுதல்’ என்று பெயரிடாமல் ‘பயன்’ என்று பெயரிட்ட முன்னோர், அந்த மண்டபத்தில் யார் இருந்து கேட்கிறார்கள் என்பதை நன்கு அறிந்தவர்களாகவே இருத்தல் வேண்டும். செய்யுளின் பொருள் நூலில் இருக்கிறது. பயனோ கேட்பவரிடத்தில் உண்டாவது.

கந்தபுராணம் 10,345 செய்யுள் கொண்ட பெருநூல். அதனை நாள்தோறும் சிறிது சிறிதாக வாசித்து முடிக்க மாதங்கள் செல்லும். மார்கழியில் திருவெம்பாவை நடைபெறும் பத்து நாள்களிலும் திருவாதவூரடிகள் புராணம் வாசிக்கப்படும். விநாயகர் விரதத்தில், சுன்னாகத்து வரதபண்டிதர் பாடிய பிள்ளையார் கதை வாசிக்கப்படும். தீவகத்திலும் கடலோரத்திலும் உள்ள கத்தோலிக்கக் கிராமங்களில், கோவாவிலிருந்து 1705ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமிகள் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்திலே இராகமிட்டு ஓதி வந்தனர். சமயம் வேறாயினும் தேவை ஒன்றே. நூலைத் தாமே எடுத்து வாசிக்க இயலாதவர்களுக்கும் அந்த நூல் செவி வழியாகச் சென்று சேரவேண்டும்.

இக்காலத்திலே வாசிக்க இயலாதவர் யாழ்ப்பாணத்தில் உளரோ என்று சிலர் வினவக்கூடும். பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன நாடு இது என்பது உண்மையே. ஆயினும் ஒரு கிராமக் கோயிலின் மண்டபத்திலே சிறிது நேரம் அமர்ந்து பார்ப்போர்க்கு உண்மை நிலை புலப்படும். பெண்பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று இரண்டாம் வகுப்போடு மறிக்கப்பட்ட பாட்டிமார் தூணோரம் இருப்பர். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோது பள்ளிப் படிப்பு அறுந்து, பின்னர் அதனைத் தொடர இயலாமற் போனோர் இன்று நடுத்தர வயதினராய் இருப்பர். அவர்கள் பெயர்ப்பலகையை வாசிப்பார்கள்; கையொப்பம் இடுவார்கள்; ஆனால் ஒரு பக்கம் முழுவதையும் வாசித்துப் பொருள் கொள்வது அவர்களுக்கு அரிது. அரிது என்று சொல்லவும் கூசுவார்கள். “எல்லோரும் புத்தகத்தைத் திறந்து இன்ன பக்கத்தைப் பாருங்கள்” என்று பேச்சாளர் சொல்லும்போது, கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதாகச் சொல்லுபவர்கள் இவர்களே. இருமுறை அவ்வாறு நேர்ந்தால் மூன்றாம் முறை அவர்கள் வருவதில்லை.

வாசிக்க வல்லவர் ஒரு பிரசங்கத்தைக் கேட்டு, ஐயம் உண்டாயின் வீட்டிற்குச் சென்று நூலைப் புரட்டிச் சரி பார்க்கலாம். வாசிக்க இயலாதவர்க்கு அவ்வழி இல்லை. மண்டபத்திலே சொல்லப்பட்டது எதுவோ அதுவே அவர்க்கு நூல். சொன்னவர் விட்டுவிட்டதை அவர் ஒருநாளும் அறியார். சொன்னவர் பிழையாகச் சொன்னதை அவர் பேரப்பிள்ளைக்கும் அப்படியே சொல்லுவார். பயன் சொல்பவரின் ஆயத்தம் இந்தப் பொறுப்பிலிருந்தே தொடங்குகின்றது.

இதனை நன்கு உணர்ந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1822ஆம் ஆண்டில் பிறந்த அவர், இளமையில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைபுரிந்தார். பாதிரிமார் ஊரூராகச் சென்று, செய்யுளின் துணையின்றி, நேரான வசனத்திலே மக்களிடம் பேசியதை அருகிருந்து கண்டவர் அவர். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் அது நடைபெற்றது. நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் அவரோடு சேர்ந்து பிரசங்கித்தார். 1852ஆம் ஆண்டில் நாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டார். செய்யுளுக்கு அஞ்சியோர்க்கு அந்நூல் வழி திறந்தது. ஆயினும் வசனத்தையும் வாசிக்க இயலாதவர்க்கு வெள்ளிக்கிழமைக் குரல் ஒன்றே வழியாக இருந்தது.

அத்தகைய ஒரு குரல் எவ்வாறு ஆயத்தமாகின்றது என்பதை ஒரு கதையைக் கொண்டு பார்ப்போம். வலிகாமத்திலோ தென்மராட்சியிலோ வயல் சூழ்ந்த ஒரு கிராமத்தை எண்ணிக்கொள்வோம். ஆவணி மாதத்து மக நாள், இளையான்குடி மாற நாயனாரின் குருபூசை. அன்று மாலை கோயிலில் அரைமணி நேரம் அவர் கதையைச் சொல்லும்படி ஒருவர் கேட்கப்படுகிறார். கேட்க வருவோர் அறுபது எழுபது பேர். பெரும்பாலோர் கமக்காரக் குடும்பத்தினர்.

கதை எல்லோர்க்கும் தெரிந்ததே. இளையான்குடியில் வேளாளர் மரபில் வந்த மாறனார், அடியார்க்கு அமுதூட்டுவதையே வாழ்வாகக் கொண்ட செல்வர். இறைவன் திருவுளப்படி அச்செல்வம் சுருங்குகின்றது, நிலத்தை விற்கிறார், கடனும் படுகிறார், ஆயினும் ஊட்டுவதை விடுகிறாரில்லை. மழை பொழியும் ஓர் இரவிலே, அவரே பசித்திருக்கும் வேளையில், ஓர் அடியார் நனைந்தபடி வருகிறார். வீட்டிலே ஒன்றும் இல்லை. பகலில் விதைத்த நெல்லை வாரி வருகிறார். கூரை அலகை அறுத்து விறகாக்குகிறார். முற்றாத கீரையைப் பறித்து வருகிறார். மனைவியார் சமைக்கிறார். உண்ண அழைக்கும்போது வந்தவர் சோதியாய் எழுகின்றார்.

ஆயத்தம் செய்பவர் முதலிலே செய்யுளை நூலிலிருந்து பலமுறை வாசித்தல் வேண்டும். நினைவிலிருக்கும் கதையை நம்பிப் புறப்படுதலே முதற் பிழை. தெரிந்த கதை என்பது பலர் வாயில் பட்டுத் தேய்ந்த கதை. அதிலே சேக்கிழார் சொல்லாதவையும் சேர்ந்திருக்கும், சொன்னவையும் உதிர்ந்திருக்கும். நூலை வாசித்தபின் மூடிவைத்து, யாருமில்லாத இடத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். எழுதி ஆயத்தம் செய்வோர் இவ்விடத்திலே வழி தவறுகின்றனர். எழுதிய வாக்கியம் கண்ணுக்காகக் கட்டப்பட்டது. எச்சத்தின்மேல் எச்சம் அடுக்கி, பயனிலை வந்து சேர்வதற்குள் கேட்பவர் எழுவாயை மறந்துவிடுவார். வாயாற் சொல்லிப் பார்ப்பவர்க்கு மூச்சே வாக்கியத்தை அளந்து தரும்.

அவ்வாறு நாலைந்து முறை சொல்லிப் பார்க்கும்போது, இந்தக் கதை தானே ஓர் எலும்புக்கூட்டைக் காட்டும். அது ‘இல்லை’ என்னும் சொல். அரிசி இல்லை, மாறனார் வயலுக்குச் செல்கிறார். விறகு இல்லை, கூரையை நோக்குகிறார். கறிக்கு ஒன்றும் இல்லை, கொல்லைக்குச் செல்கிறார். மூன்று இல்லை, மூன்று இடம், மூன்று பொருள். முதல் இல்லைக்கு ஒரு கடகம் முளைநெல், இரண்டாவதற்குக் கூரை மரம், மூன்றாவதற்கு ஒரு பிடி கீரை. எழுத்தறியாதவர்க்குக் குறிப்பேடு இல்லை. மூன்று விரல் உண்டு. கேட்பவர் மூன்று விரலில் கதையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இது பேச்சாளர் வெளியிலிருந்து பூட்டிய உத்தி அன்று, கதைக்குள்ளேயே கிடப்பது. இவ்வாறு உள்ளே கிடப்பதைக் கண்டெடுத்தலே ஆயத்தத்தின் பெரும் பகுதி எனலாம். மூன்று பொருளையும் ஏழாக்கி, ஒவ்வொன்றுக்கும் தத்துவம் கூறத் தொடங்கினால் விரல்கள் போதா.

அடுத்து, இந்தக் கதை இந்த மண்ணிலே எவ்வாறு விழும் என்பதை ஆராய்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து நெல் வானம் பார்த்த பயிர். ஆவணி புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் வளர்த்து, தையில் அரிவு வெட்டுவர். ஆண்டுக்கு ஒரு போகமே உண்டு. காவிரிக் கரையில் ஒரு போகம் தவறினாலும் மறுபோகம் உண்டு என்று எண்ணியிருப்பவர்க்கு இல்லாத நடுக்கம், விதைத்த நெல்லை வாரி எடுத்தார் என்ற சொல்லைக் கேட்டதும் இங்குள்ள கமக்காரனுக்கு உண்டாகும். அவன் அதனை ஓர் ஆண்டின் சோறு என்று கணக்கிடுவான். குருபூசை நாளில் விதைநெல் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். இன்னும் விதைத்து முடிந்திராது. ஆதலால் அந்த இழப்பின் அளவைப் பேச்சாளர் விளக்கவேண்டுவதில்லை. விளக்கினால் அது குறையும். “பகலில் விதைத்த நெல்” என்று சொல்லிச் சற்றே நிறுத்தினாற் போதும்.

ஆனால் அதே கமக்காரன் மனத்திலே உடனே ஒரு கேள்வியும் எழும். யாழ்ப்பாணத்தில் மழைக்கு முன் புழுதியிலே விதைத்து, உழுது மூடிவிடுவர். அவ்வாறு மண்ணுள் மறைந்த விதையை இருட்டில், மழையில், ஒருவன் எவ்வாறு வாரி எடுத்தான்? கேட்பவன் எழுந்து கேட்கமாட்டான். மனத்துள்ளே ‘இது நடவாத காரியம்’ என்று முடிவு செய்துவிடுவான். அதன்பின் சோதி எழுந்தது என்றாலும் அவன் நம்பப்போவதில்லை. விதைப்பிலே பொய் சொன்னவர் சிவனைப் பற்றி மெய் சொல்லுவார் என்று அவன் ஏன் கொள்ளவேண்டும்?

விடை நூலிலேயே இருக்கிறது. மாறனார் விதைத்தது முளைநெல். நெல்லை நீரில் ஊறவைத்து, வடித்து, முளை கட்டியபின் சேற்றிலே வீசுவது ஒரு முறை. அந்த முளை சேற்றின் மேலே கிடக்கும்; மூடப்படுவதில்லை. பெருமழை பெய்தால் வெள்ளத்தோடு மிதந்து பள்ளமான பக்கத்தில் வந்து ஒதுங்கும். நீர் வழியே ஒதுங்கிய வெண்முளையை மாறனார் கையால் வளைத்து வாரினார் என்றே சேக்கிழார் சொல்லுகிறார். வழியைக் கண்ணால் அன்று, காலால் தடவிச் சென்றார் என்றும் சொல்லுகிறார். வயலறிந்தவர் எழுதிய வரி அது. ஆதலால் பேச்சாளர், “எங்கள் புழுதி விதைப்புப் போல் அன்று, அது முளை கட்டிச் சேற்றில் விதைத்த நெல்” என்று ஒரே வாக்கியத்தை, மாறனார் வீட்டை விட்டுப் புறப்படுமுன் சொல்லி வைத்தல் வேண்டும். வயலுக்குப் போனபின் சொன்னால் கதை அங்கே நின்றுவிடும். கேள்வி எழுவதற்கு ஓர் அடி முன்னே விடை இருக்கவேண்டும். ஈர நெல்லை எவ்வாறு குற்றினார்கள் என்ற கேள்வி பெண்கள் பக்கத்தில் எழும். அதற்கும் நூலில் விடை உண்டு. மனைவியார் முளையைக் கழுவி, வறுத்து, பின்னர்க் குற்றி அரிசியாக்கினார்.

ஆயத்தம் இவ்வளவானதும் ஒரு சோதனை வேண்டும். பிரசங்க நாளுக்கு இரண்டு நாள் முன்னே, வீட்டிலுள்ள ஒரு சிறு பிள்ளைக்கோ, அயலிலுள்ள ஒரு முதியவளுக்கோ கதையைச் சொல்லி, சற்று நேரம் வேறு பேச்சுப் பேசி, பிறகு அதனைத் திரும்பச் சொல்லும்படி கேட்டல் வேண்டும். “விளங்கியதா?” என்று கேட்பதில் பயனில்லை; விளங்கவில்லை என்று எவரும் மரியாதைக்கேனும் சொல்லமாட்டார். திரும்பச் சொல்லும்போது எங்கே பிழைக்கிறதோ, அங்கே பிழை கேட்டவருடையது அன்று, சொன்னவருடையது.

இந்தக் கதையில் எங்கே பிழைக்கும் என்பதையும் முன்கூட்டிக் கூறலாம். பிள்ளை, “இரவிலே ஒளித்துப்போய் ஒருவருடைய வயலில் நெல்லு எடுத்துக்கொண்டு வந்தார்” என்று சொல்லும். இருட்டு, தனிமை, கடகம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பிள்ளையின் மனத்தில் அது களவு. பேச்சாளர் ‘தம்முடைய வயல்’ என்று ஒருமுறை சொல்லியிருப்பார். ஒருமுறை சொன்னது செவியில் நில்லாது. ஆதலால் தொடக்கத்திலேயே, நிலமெல்லாம் விற்றபின் எஞ்சிய துண்டு வயல் அது என்றும், அன்று காலை அவரே அதில் விதைத்தார் என்றும் காட்டிவிட்டு, இரவிலே அவர் அதே வரம்பில் கால்வைக்கும்போது மீண்டும் நினைவூட்டல் வேண்டும்.

மற்றொரு கேள்வியும் பிள்ளையிடமிருந்து வரும். “கூரையை அறுத்தால் வந்தவருக்கு மழை ஒழுகாதா, அப்பு?” என்று கேட்கும். நல்ல கேள்வி. கூரையின் எந்தப் பக்கத்து மரம் என்பதைப் புராணம் விரித்துரைக்கவில்லை. இங்கே பேச்சாளர்க்கு ஒரு சபலம் தோன்றும். ‘அடுக்களைப் பக்கத்து மரத்தையே அறுத்தார், விருந்தினர் படுத்த இடத்தில் ஒரு துளியும் விழவில்லை’ என்று சொல்லிவிடலாம். அழகாகவும் இருக்கும். ஆயினும் தூணோரம் இருக்கும் பாட்டிக்குச் சேக்கிழார் சொல்லும் இதுவும் வேறுபாடின்றி ஒன்றாகவே சென்று சேரும். வாசிப்பவர்க்கு முன்னே அலங்காரமாக நிற்பது, வாசியாதவர்க்கு முன்னே நூலாகிவிடுகிறது. ஆதலால், “எந்தப் பக்கம் என்று புராணம் சொல்லவில்லை, நீயே நினைத்துப் பார்” என்று சொல்லி விடுதலே நேர்மை. மண்டபத்திலும் அவ்வாறே சொல்லலாம். கேட்பவர்கள் அதனால் பேச்சாளரைத் தாழ்வாக எண்ணுவதில்லை.

இனிச் சொல்லவேண்டியது எல்லாவற்றிலும் கடினமானது. அந்த மண்டபத்தில் இருப்போர் சிலர் வீட்டு நகை அடகிலே இருக்கும். சிலர் விதைநெல்லையே கடனுக்கு வாங்கியிருப்பர். அவர்களுக்கு முன்னே, கடன்பட்டும் விருந்தூட்டினார், விதையையும் எடுத்துச் சமைத்தார், அதனால் இறைவன் அருள் பெற்றார் என்று சொன்னால், அவர்கள் கேட்பது யாது? ‘உள்ளதையெல்லாம் கொடு, பன்மடங்காய்த் திரும்பி வரும்’ என்றே சிலர் கேட்பர். ‘கொடாததனால்தான் எமக்கு இந்நிலை’ என்று வேறு சிலர் கேட்டு, தலை கவிழ்ந்து வீடு செல்வர். கதையின் முடிவிலே, இறைவன் உலகில் குபேரனும் நிதி ஏந்தி ஏவல் கேட்பான் என்று வருவது இப்பிழைக்கு இன்னும் இடங்கொடுக்கும். இதனைப் பயன்படுத்தி, கதை முடிந்ததும் கோயிற் பணிக்கு உண்டியலை நீட்டும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அது பயன் சொல்லுதல் ஆகாது, பயன் பெறுதல்.

கதையை மாற்றி இந்த இடரைத் தீர்க்க இயலாது. நூலுக்குள்ளே மீண்டும் சென்று பார்த்தலே வழி. பார்த்தால் இரண்டு செய்தி தென்படும். வந்த அடியார் எதையும் கேட்கவில்லை. விதையைக் கிண்டி வா என்று அவர் சொல்லவுமில்லை, அவர் பெயரால் வேறொருவர் சொல்லவுமில்லை. அடுத்து, விதைத்த நெல்லை எடுக்கலாம் என்னும் எண்ணம் மாறனாருக்குத் தோன்றியது அன்று, மனைவியாருக்கே தோன்றியது. வீட்டில் ஒன்றும் இல்லை, அயலார் இனிக் கடன் தாரார், நேரமும் சென்றது என்று நிலைமையை ஒளியாமல் எடுத்துக் கூறிய பின்னரே, பகலில் விதைத்ததை எடுத்துவந்தால் ஆக்கலாம் என்கிறார். குடும்பத்தின் நிலையை அறிந்த இருவர், ஒருவரையொருவர் மறைக்காமல், தாமே கூடி எடுத்த முடிவு அது. வேகமாகச் சொல்லிச் செல்பவர்கள் மனைவியாரின் இப்பேச்சை விட்டுவிட்டு, கணவரே எல்லாம் எண்ணியதாகச் சொல்லுவர். அவ்வாறு சொன்னால் கதை, வீட்டாரைக் கேளாமல் வீட்டை அழிக்கும் ஒருவனின் கதையாகிவிடும்; அத்தகையோரை ஊரிலே எல்லோரும் அறிவர். ஆதலால் அந்த அம்மையாரின் பேச்சுக்குக் கதையில் நடுவிடம் கொடுத்து, நின்று, மெல்லச் சொல்லல் வேண்டும். அரைமணி நேரத்திலே நாலைந்து நிமிடம் அதற்கே செல்லலாம். பெண்கள் பக்கத்தில் தலைகள் நிமிர்வது அப்பொழுதே.

முடிவிலே குபேரனைப் பற்றிய செய்தியையும் மறைக்கவேண்டுவதில்லை. அது நூலில் உள்ளது. ஆயினும் அது அவர்கள் இறைவன் உலகை அடைந்தபின் நிகழ்வதாகவே நூல் கூறுகின்றது. இளையான்குடி வயலில் மறுபோகம் கொழித்ததாகக் கூறவில்லை. அந்த வேறுபாட்டை ஒரு வாக்கியத்தில் தெளிவாக்கினாற் போதும்.

சொற்களைப் பற்றியும் சிறிது. ‘மாகேசுர பூசை’ என்னும் சொல் முதியோர் பலர்க்குச் செவிப்பழக்கமானது, இளையோர்க்கு அன்று. ‘அடியாருக்கு அன்னமிடுதல், அதற்கு மாகேசுர பூசை என்று பெயர்’ என முதலில் பொருளையும் பின்பு பெயரையும் சொன்னால் இருவர்க்கும் பொருந்தும். பெயரை முதலிற் சொன்னால் கேட்பவர் அந்தச் சொல்லிலேயே இடறி நிற்பார். செய்யுளை முற்றாக விட்டுவிடுதலும் கூடாது. ஒரு செய்யுளையேனும் இராகத்தோடு பாடுதல் வேண்டும். வாசிக்கத் தெரியாத முதியோர் பலர்க்கு அந்தச் செய்யுள் செவியிலே மனனமாயிருக்கும். அதனைக் கேட்கும்போது அவர்கள் உதடு அசையும். புத்தகத்தைத் திறக்கச் சொன்னால் நாணியிருக்கக்கூடியவர்கள், அந்த ஒரு கணத்திலே பண்டிதரோடு சமமாக இருப்பார்கள். ஆனால் செய்யுளின் பாடபேதம் பற்றி அங்கே வாதிடலாகாது. புராண படன மண்டபங்களிலே இரு வித்துவான்கள் ஒரு சொல்லின் புணர்ச்சிக்காக இரவு நெடுக வாதிட்ட கதைகள் யாழ்ப்பாணத்தில் உண்டு. கற்றவர்கள் அவற்றை இன்றும் சுவைத்துச் சொல்லுவர். அந்த இரவுகளில் தூணோரம் இருந்தவர்கள் எப்பொழுது எழுந்து வீட்டுக்குப் போனார்கள் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

குருபூசை நாளன்று பேச்சாளர் கையிலே தாள் எதுவும் வேண்டியதில்லை. முளைநெல், கூரைமரம், கீரை ஆகிய மூன்று சொல்லும் மனத்தில் இருந்தாற் போதும். கதையை நிகழ்ச்சி ஒழுங்கிலேயே சொல்லல் வேண்டும். வந்தவர் சிவபெருமான் என்பதை முன்னே சொல்லிவிடலாகாது. எல்லோர்க்கும் தெரியும் என்பது உண்மைதான். தெரிந்திருந்தும், கதையிலே மாறனார்க்குத் தெரியாத வரையில் தமக்கும் தெரியாதது போலவே கேட்பது கேட்போரின் நல்லியல்பு. அந்த இன்பத்தைப் பறித்தல் தகாது. சோதி தோன்றியபின் நெடுநேரம் பேசாது முடித்தல் நன்று. பேச்சாளர் அதன்மேலும் பத்து நிமிடம் புத்தி கூறினால், வீட்டுக்குப் போவது அந்தப் புத்தியும் அன்று, கதையும் அன்று, முதுகு வலியே.

சொன்னது சேர்ந்ததா என்பதை அன்றிரவு அறிய இயலாது. “நல்ல பிரசங்கம், ஐயா” என்று வாசலில் சொல்லிச் செல்வது எல்லா நாளும் நடப்பது. இரண்டு மூன்று நாள் கழித்து, வெங்காயத் தறையிலோ கிணற்றடியிலோ, அன்று மண்டபத்தில் இருந்த ஓர் ஆச்சியிடம், “அன்றைக்குச் சொன்ன கதை என்ன கதை, ஆச்சி?” என்று தெரியாதவர் போலக் கேட்டுப் பார்க்கவேண்டும். ஆச்சி கையிலுள்ள மண்ணைத் தட்டிவிட்டு, முதல் விரலை மடக்கி, “அரிசி இல்லை” என்று தொடங்குவாளாயின், பேச்சாளர் குறுக்கிடாமல் கேட்டல் வேண்டும். களவென்று சொல்லாமல் தன் வயல் என்று சொல்லுகிறாளா, மனைவியின் பேச்சு வருகிறதா, கூரையின் எந்தப் பக்கம் என்று தானே எதையேனும் சேர்க்கிறாளா என்று கவனித்தல் வேண்டும். அவள் சேர்ப்பது இருந்தால், அது எந்தச் சொல்லால் தோன்றியது என்பதை அடுத்த ஆவணிக்கு முன் அவர் கண்டுகொள்ளலாம்.